கடை மின்னஞ்சல் தவறான இடத்துக்குப் போய்விட்டால்

பினாங்கு லிட்டில் இந்தியா கடையில், கல்லாவுக்குப் பக்கத்துக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கு:

நம் கடைக்கு வரும் மின்னஞ்சல்கள் Gmail-இல் இருக்கின்றன. இடது பக்கத்தில் Supplier, Tailor, Temple Orders, Bills என்று நாம் வைத்திருக்கும் லேபிள்கள் தெரியும். வாடிக்கையாளர் ஒருவர் புடவை விலை கேட்கிறார், நீங்கள் மவுஸ் பொத்தானை அழுத்தியபடியே அவர் பக்கம் திரும்புகிறீர்கள், கை நகர்கிறது. Inbox-இல் இருந்த மின்னஞ்சல் ஏதோ ஒரு லேபிளின் மேல் விழுந்துவிடுகிறது. தீபாவளி நெரிசலில் இது சாதாரணம். அழிந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நகர்ந்தது கண்ணில் பட்டால் வேறு எதையும் தொடாதீர்கள். திரையின் கீழே இடது மூலையில் ஒரு சிறு கறுப்புப் பட்டை வரும். எந்த லேபிளுக்குப் போனது என்பதும் Undo என்பதும் அதில் இருக்கும். Undo-வை அழுத்துங்கள், மின்னஞ்சல் திரும்பிவிடும். பட்டை சில நொடிகளில் மறைந்துவிடும் என்பதால், வாடிக்கையாளரை ஒரு மூச்சு காத்திருக்கச் சொல்வதில் தவறில்லை.

பட்டை மறைந்த பிறகு பலரும் ஒவ்வொரு லேபிளாகத் திறந்து மேல் வரிசையை மட்டும் பார்த்துவிட்டு, இங்கே இல்லை என்று மூடிவிடுகிறார்கள். வீண் வேலை. இடம் மாறிய மின்னஞ்சல் இன்றைய தேதியோடு மேலே வந்து உட்காராது. அது நமக்கு வந்த தேதிக்குரிய வரிசையில்தான் நிற்கும். மூன்று வாரத்துக்கு முன் வந்த விலைப்பட்டியல் என்றால், Bills-இல் மூன்று வாரத்துக்குக் கீழே புதைந்து கிடக்கும்.

ஆகவே தேடுங்கள். மேலே உள்ள தேடல் பெட்டியில் இப்படித் தட்டச்சு செய்து Enter அழுத்துங்கள்:

```
in:anywhere from:silks newer_than:30d
```

silks என்ற இடத்தில் அனுப்பியவரின் பெயரிலோ முகவரியிலோ உள்ள ஒரு சொல்லைப் போடுங்கள். சொல்லை முழுதாகப் போட வேண்டும். Silk என்று போட்டால் silks கிடைக்காமல் போகலாம். 30d என்பது கடந்த 30 நாட்கள். அதற்கு முன் வந்ததாக இருந்தால் எண்ணைக் கூட்டுங்கள். அனுப்பியவர் யார் என்றே நினைவில்லையா? from: பகுதியை விட்டுவிட்டு, பில் எண்ணையோ 'kanchipuram' போன்ற ஒரு சரக்குப் பெயரையோ போடுங்கள். படமோ பட்டியலோ இணைத்து வந்தது என்பது மட்டும் நினைவிருந்தால் has:attachment என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

in:anywhere எதற்கு என்றால், சாதாரணத் தேடல் Spam-ஐயும் Trash-ஐயும் பார்க்காது. சில திரைகளில் Trash-க்கு Bin என்று பெயர் இருக்கும். அங்கே விழுந்ததைத்தான் அவசரமாக மீட்க வேண்டும்: இரண்டிலும் 30 நாட்களுக்குப் பிறகு மின்னஞ்சல் தானாகவே நிரந்தரமாக அழிந்துவிடும். நம் லேபிள்களில் விழுந்தது அப்படி அழியாது.

கிடைத்ததும் திறந்து பாருங்கள். தலைப்புக்குப் பக்கத்தில் லேபிளின் பெயர் ஒட்டியிருக்கும். எங்கே போயிருந்தது என்பது அதிலேயே தெரியும். மேலே Move to பொத்தானை அழுத்தி Inbox-ஐத் தேர்ந்தெடுங்கள். தவறான லேபிள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் அருகிலுள்ள x-ஐ அழுத்தி நீக்குங்கள். Spam-இல் இருந்தால் Not spam என்பதை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அதே வியாபாரியின் அடுத்த மின்னஞ்சலும் அங்கேயே போய் விழக்கூடும்.

தேடிப் பார்க்காமல் வியாபாரியிடம் "மறுபடி அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது சுலபமாகத் தோன்றும். பிறகு பழையதும் புதியதும் இரண்டும் கையில் இருக்கும். ஒருவர் ஒன்றைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார், இன்னொருவர் மற்றதைப் பார்த்துப் பணம் அனுப்புவார். 2,400 வெள்ளி பில்லுக்கு இரு முறை பணம் போனால் திரும்ப வாங்க எத்தனை தொலைபேசி அழைப்பு வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று முன்பே அனுப்பினோமே, பார்க்கவில்லையா?" என்று யாராவது கேட்டால், அது எங்கோ நகர்ந்திருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தேடுங்கள். கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, கல்லா மேசையில் உள்ள நோட்டில் எழுதியிருக்கும் பழைய தொலைபேசி எண்ணுக்கு அழைத்து வியாபாரியிடம் நேரடியாகக் கேட்ட பிறகுதான் பணம். மின்னஞ்சலில் தரப்பட்டிருக்கும் எண்ணுக்கு அழைக்க வேண்டாம்.

பெயரால் ஒரு முறை, சரக்கால் ஒரு முறை தேடியும் கிடைக்கவில்லை என்றால் என்னை அழையுங்கள். முதலாளியின் கைத்தொலைபேசியிலும் இதே கணக்கு திறந்திருக்கிறது. அவர் ஏற்கனவே எடுத்து வேறு லேபிளுக்கு மாற்றியிருக்கலாம்.