பாலிசி விஷயமாக அரை மணி நேரம்

செந்தில் தம்பிக்கு வணக்கம்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அரை மணி நேரம் போதும். 2012-இல் நீங்கள் எடுத்த எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி பெயரை மாற்ற வேண்டும், வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டு வேலைதான். புதுப் பாலிசி பேச்சு எதுவும் எடுக்க மாட்டேன்.

டிசம்பர் தவணை ரசீதை ஃபைலில் சேர்க்கும்போதுதான் கவனித்தேன், நாமினி இடத்தில் இன்னமும் அம்மா பெயரே இருக்கிறது. அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்மா பெயரைப் போட்டோம். போன வருஷம் அவர்கள் தவறியபோது துக்கத்துக்கு வந்திருந்தேன், அந்த நேரத்தில் இதையெல்லாம் பேச மனசு வரவில்லை. அப்புறம் நானும் தள்ளிப் போட்டுவிட்டேன், அது என் தப்பு.

நாமினி உயிரோடு இல்லாத பாலிசியில், நாளை ஏதாவது என்றால் பணம் வாரிசுகளுக்குத்தான் போகும். ஆனால் கவிதா வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் ஏறி இறங்க வேண்டி வரும், சில சமயம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருக்கும். இப்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த அலைச்சலே இல்லை. பாப்பா பெயரையும் சேர்க்க நினைத்தால் சேர்க்கலாம். அவள் மைனர் என்பதால், அவளுக்காகப் பணத்தை வாங்க நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பெயரைக் கொடுக்க வேண்டும். யாரைப் போடலாம் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வையுங்கள்.

வங்கி விஷயம் சின்னதுதான். அன்றைக்கு நீங்கள் கொடுத்த செக் லட்சுமி விலாஸ் பேங்க் செக். நம்ம கரூரில் பிறந்த அந்த பேங்க் 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்துவிட்டது. 2033-இல் வரவேண்டிய 5 லட்சமும் போனஸும் பழைய கணக்கைத் தேடிப் போய்த் திரும்பி வரக்கூடாது அல்லவா?

பாலிசி பாண்டு, உங்கள் இருவரின் ஆதார் நகல், இப்போதைய கணக்கின் கேன்சல் செய்த செக் ஒன்று, இவற்றை எடுத்து வையுங்கள். பாண்டை அம்மா பீரோவின் மேல் தட்டில், சேலைக்கு அடியில் மஞ்சள் கவரில் வைத்திருப்பதாக ஒருமுறை சொன்னார்கள். அங்கே பாருங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அதற்கும் வழி இருக்கிறது.

போனில் கேட்டீர்களே, 13,252 ரூபாய் கட்டிய தவணை ஏன் 12,960 ஆனது என்று? தப்பு ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்த வரிதான் குறைந்திருக்கிறது.

ஞாயிறு தோதுப்படாவிட்டால் புதன் இரவு ஏழு மணிக்கு மேல் வருகிறேன். எது வசதி என்று ஒரு வரி போடுங்கள். கவிதாவும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
முருகேசன்
எல்.ஐ.சி. முகவர், கரூர்