வீலான் எண்களும் சப்நெட் ஒதுக்கீடும்: யாழ்ப்பாணத் தலைமை அலுவலகமும் மூன்று கிளைகளும்

தலைமை அலுவலகம் முழுக்க இப்போது 192.168.1.0/24 என்ற ஒரே வலையில் கிடக்கிறது. 92 பேர், ஆளுக்கொரு மடிக்கணினியும் கைத்தொலைபேசியும், 34 கமரா, 11 பிரின்ரர். 254 முகவரியில் மிச்சம் இருப்பது இருபதுக்கும் சற்று மேல். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றிலும் இதே எண்தான் என்பது இன்னொரு தொல்லை. விபிஎன்னில் வருபவர் அலுவலகப் பிரின்ரரைத் தேடினால், அவருடைய கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே 10.16.0.0/12 முழுவதையும் எடுத்துக்கொள்கிறோம். இதில் 10.16 முதல் 10.31 வரை பதினாறு துண்டுகள் உண்டு. இடத்துக்கு ஒன்று: யாழ்ப்பாணம் 16, சாவகச்சேரி 17, நெல்லியடி 18, கிளிநொச்சி 19. விபிஎன் பாவனையாளர்களுக்கும் கிளைகளை இணைக்கும் தொடுப்புகளுக்கும் 31. 10.0, 10.1 இரண்டையும் வேண்டுமென்றே தவிர்த்தோம். வேறு அலுவலகத்தோடு வலையை இணைக்க நேரும்போது முதலில் முட்டுவது அவைதான்.

முகவரியின் மூன்றாவது எண் வீலான் எண்ணேதான். எல்லாக் கிளையிலும் அதே எண், அதே பெயர்:

```
20   MGMT    10.16.20.0/24
40   STAFF   10.16.40.0/24
60   VOICE   10.16.60.0/24
80   PRINT   10.16.80.0/24
100  CCTV    10.16.100.0/24
120  SERVER  10.16.120.0/24
140  WIFI    10.16.140.0/24
200  GUEST   10.16.200.0/24
999  NATIVE  -
```

பத்துப் பத்தாகப் போகாமல் இருபது இருபதாகப் போவதற்குக் காரணம் உண்டு. /22 சப்நெட் நான்கால் வகுபடும் எண்ணில்தான் தொடங்க முடியும். 40ஐ நாளைக்கு விரித்தால் 40 முதல் 43 வரை அப்படியே கிடைக்கும். 30 என்று வைத்திருந்தால் அதன் /22 பின்னோக்கி 28இல் தொடங்கும்; அங்கே வேறு யாராவது குடியிருந்தால் முழு வலைக்கும் எண் மாற்ற வேண்டிவரும். அதனால் 41, 42, 43 போன்ற இடைவெளிகளை எவருக்கும் கொடுக்கக் கூடாது, சோதனைக்கென்றாலும். ஆனால் இடம் இருக்கிறதென்று /22 வரை ஓட வேண்டாம். ஒரு வீலானில் 500 சாதனம் வந்தாலே புரோட்காஸ்ட் இரைச்சல் போதுமான அளவு இருக்கும், /23இல் நிறுத்துங்கள்.

பிரிவின் பெயரிலோ மாடியின் எண்ணிலோ வீலான் வேண்டாம். கணக்குப் பிரிவு அடுத்த வருடம் மேல்மாடிக்குப் போகலாம். பிரின்ரர் எங்கே போனாலும் பிரின்ரர்தான்.

ஒவ்வொரு சப்நெட்டிலும் .1 கேட்வே. .2, .3 பின்னாளில் இரண்டாவது ரவுட்டர் வந்தால் தேவைப்படும், தொடாதீர்கள். .4 முதல் .49 வரை நிலையான முகவரிகள், .50 முதல் .250 வரை டிஎச்சிபி. பிரின்ரருக்கும் கமராவுக்கும் கையால் முகவரி அடிக்காமல் டிஎச்சிபியிலேயே ஒதுக்கிக் கொடுங்கள். பின்னர் /23 ஆக்கும்போது கையால் அடித்த சாதனம் பழைய மாஸ்க்கிலேயே நிற்கும். பக்கத்து முகவரிக்கும் கேட்வே வழியாகச் சுற்றி அனுப்பும். பதில் நேரே வரும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் பாதி உரையாடலை மட்டும் பார்த்து வெட்டிவிடும். பிங் போகும், பிரின்ட் போகாது.

ஃபயர்வால் விதிகளை இன்றைக்கே /22 அளவில் எழுதிவிடுங்கள். விரிக்கும் நாளில் ரவுட்டர் மாஸ்க்கும் டிஎச்சிபி எல்லையும் மட்டும் மாறினால் போதும். விருந்தினர் வலையிலிருந்து 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றும் மறுக்கப்படும். டிஎச்சிபிக்கும் டிஎன்எஸுக்கும் மட்டும் வழி. லீஸ் இரண்டு மணித்தியாலம்.

புதிய வீலான், உதாரணமாகக் கதவுப் பூட்டுகளுக்கு 180, சேர்க்கும்போது:

```
vlan 180
interface GigabitEthernet1/0/24
 switchport trunk native vlan 999
 switchport trunk allowed vlan add 180
```

`add` விடுபட்டால் பழைய பட்டியல் அழிந்து 180 மட்டும் மிஞ்சும். நிர்வாக வீலான் 20உம் போய்விடும், அதனால் தூரத்திலிருந்து உள்ளே வர வழியிருக்காது; ஒரு சொல்லுக்காக ஏ9 வீதியில் கிளிநொச்சிவரை போகவேண்டியதுதான். முதலில் `reload in 10` கொடுங்கள், சரியாக வந்தபின் `reload cancel`. பிறகு `write memory` மறக்க வேண்டாம்: சேமிக்காத மாற்றம் அடுத்த மின்வெட்டோடு போய்விடும், யாரும் எதையும் மாற்றவில்லையே என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். நேட்டிவ் வீலான் இரு முனையிலும் 999 ஆக இருக்கட்டும். ஒரு முனை 1இல் நின்றால் இரண்டு வலைகள் கலந்துவிடக்கூடும்.

கைவிட்ட வீலான் எண்ணை இரண்டு வருடத்துக்கு வேறெதற்கும் கொடுப்பதில்லை. எங்கோ ஒரு சுவிட்சில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வவுனியாக் கிளை திறக்கும்போது அதற்கு 20, அதாவது 10.20. சாவகச்சேரிச் சுவிட்சின் கட்டமைப்பைப் பிரதி எடுத்து, நிர்வாக முகவரியையும் கேட்வேயையும் 10.17இலிருந்து 10.20க்கும், சுவிட்சின் பெயரை வவுனியாவுக்கும் மாற்றுங்கள். வீலான் எண்கள் அப்படியே இருக்கும். தலைமை ரவுட்டரில் சேர்க்க வேண்டியது 10.20.0.0/16 என்ற ஒரே ஒரு வழி.