மூன்றாம் சுற்று வினாத்தாள்: ஏழாம் நாள் (அரசியலமைப்பு, வரலாறு கலவை)

நேரம் 12 நிமிடம். விடையைத் தாளில் எழுதிய பிறகே கீழே பாருங்கள். மனத்துக்குள் சொன்ன விடை கணக்கில் சேராது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உ (உறுதி) அல்லது ஊ (ஊகம்) என்று போடுங்கள். வேலை முடிந்து களைப்பாக வருகிறவர்கள் 3, 4 ஆகியவற்றை முதலில் எழுதிவிடலாம்.

1. சொத்துரிமை இன்று எந்தப் பிரிவில் இருக்கிறது? அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிய திருத்தம் எது?

2. "1935ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டை ஆட்சியைக் கொண்டுவந்தது." தவறு எங்கே?

3. 1975இல் நெருக்கடி நிலைக்குக் காட்டப்பட்ட காரணத்தை இன்று 352ஆம் பிரிவின்கீழ் காட்ட முடியுமா?

4. உத்திரமேரூர் குடவோலை முறை: எந்த மன்னர் காலம்? எத்தனை குடும்புகள்? வயது வரம்பு?

5. பண மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் உண்டா?

6. காலவரிசைப்படுத்துக: வேலூர்ப் புரட்சி, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது, கர்நாடக உடன்படிக்கை.

விடைகள்

1. 300அ, 44ஆவது திருத்தம், 1978. சென்ற சுற்றில் ஒன்பது பேரில் ஆறு பேர் 42 என்று எழுதினோம், நானும்தான். 42 (1976) முகப்புரையில் சமதர்மம், மதச்சார்பின்மை, ஒருமைப்பாடு ஆகிய சொற்களையும் அடிப்படைக் கடமைகளையும் சேர்த்தது.

2. 1919 மாகாணங்களில் கொண்டுவந்தது. 1935 அதை அங்கே நீக்கி மத்தியில் வைக்க வகை செய்தது. மத்தியப் பகுதி நடைமுறைக்கு வரவேயில்லை.

3. முடியாது. அன்று காட்டியது 'உள்நாட்டுக் குழப்பம்'. 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தது. அமைச்சரவையின் எழுத்துப்பூர்வப் பரிந்துரையையும் கட்டாயமாக்கியது. 'போர்', 'வெளி ஆக்கிரமிப்பு' இரண்டும் மாறவில்லை. முதல் வினாவின் திருத்தமே இங்கும் வருவதைக் கவனித்தீர்களா? இரண்டையும் ஒரே அட்டையில் எழுதாதீர்கள். ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்லிவிடுவீர்கள்.

4. முதலாம் பராந்தகன், 30 குடும்புகள், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டின்படி 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடும் வரி செலுத்தும் நிலமும் வேண்டும். கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமல்ல, அவர்களின் உறவினர்களும் நிற்க முடியாது. அடுத்த சுற்றில் இதே வினா 243ஊ பிரிவோடு சேர்ந்து வரும்: இன்றைய ஊராட்சிக்கு 21 வயது போதும்.

5. இல்லை. மாநிலங்களவை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் நிறைவேறியதாகவே கருதப்படும். அதன் பரிந்துரைகளை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம்.

6. கட்டபொம்மன் 1799, உடன்படிக்கை 1801, வேலூர் 1806.

அடுத்து எப்போது?

சரி, உ: 16ஆம் நாள். சரி, ஊ: மூன்று நாளில். தவறு, ஊ: நாளை. தவறு, உ: இன்றிரவே ஒருமுறை, நாளை மீண்டும், பிறகு முதல் சுற்றிலிருந்து. ஆறில் நான்குக்குமேல் தவறினால் இந்த வாரம் புதுப் பாடம் எடுக்க வேண்டாம்.