இயற்பியல் வகுப்பில் தொடரும் அவமதிப்புப் பேச்சு குறித்துக் கூட்டு மனு

நாள்: 3.9.2025, புதன்கிழமை

அனுப்புநர்:
பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவ மாணவியர் 31 பேர்

பெறுநர்:
தலைமை ஆசிரியை அவர்கள்

பொருள்: இயற்பியல் ஆசிரியர் வகுப்பில் மாணவர்களை இழிவாகப் பேசுவதை நிறுத்தவும், மனு கொடுத்தவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வகுப்பில் 38 பேர் படிக்கிறோம். அவர்களில் 31 பேர் சேர்ந்து இந்த மனுவை எழுதியிருக்கிறோம். மீதி ஏழு பேரை யாரும் வற்புறுத்தவில்லை, ஏன் கையெழுத்துப் போடவில்லை என்றும் கேட்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சார் பாடம் நன்றாக நடத்துவார். சந்தேகம் கேட்டால் மாலை மணி அடித்த பிறகும் இருந்து சொல்லித் தருவார். அவர் கண்டிப்பாக இருப்பதைப் பற்றியோ, அடிக்கடி தேர்வு வைப்பதைப் பற்றியோ, குறைந்த மதிப்பெண் போடுவதைப் பற்றியோ எங்களுக்குப் புகார் இல்லை. தவறாகப் பதில் சொல்லும் மாணவரைப் பற்றி எல்லார் முன்னிலையிலும் அவர் பேசும் பேச்சு பற்றித்தான் இந்த மனு. ஜூலை தொடக்கத்திலிருந்து இது நடக்கிறது. கீழே எழுதியிருப்பவை எல்லாம் நாங்கள் வகுப்பில் இருந்து நேரில் கேட்டவை. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேர் அன்றைக்கே தனித்தனியாக நோட்டில் எழுதி வைத்து, பிறகு ஒப்பிட்டுப் பார்த்தோம். மூவரும் ஒரே மாதிரி எழுதியிருந்த வார்த்தைகளை மட்டும் இங்கே தருகிறோம். கைபேசியில் எதையும் பதிவு செய்யவில்லை.

8.7.2025, செவ்வாய், மூன்றாம் பாடவேளை. கூலும் விதியைச் சொல்லத் தெரியாத ஒரு மாணவரிடம், “உங்க அப்பன் பண்ற வேலைக்குத்தான் நீ லாயக்கு, உனக்கு எதுக்குப் படிப்பு” என்றார். அந்தத் தொழிலின் பெயரையும் சொன்னார். அதை எழுதினால் அந்த மாணவர் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டோம். அதே வாரத்தில் இன்னும் இரண்டு முறை அவரை அந்தத் தொழிலின் பெயராலேயே கூப்பிட்டார்.

22.7.2025, செவ்வாய், முதல் பாடவேளை. மின்தடைக் கணக்குப் போடப் போன ஒரு மாணவியிடம், “நீ போர்டு முன்னாடி நின்னா போர்டு எது நீ எதுன்னே தெரியலையே” என்றார். வகுப்பு சிரித்தது. அன்று எங்களில் பலரும் சிரித்தோம். அதற்காக அந்த மாணவியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டோம். அவர் அந்தக் கணக்கை முடிக்காமலே வந்து உட்கார்ந்தார். அதற்கு அப்புறம் இயற்பியல் வகுப்பில் ஒரு முறைகூடக் கை தூக்கவில்லை.

6.8.2025, புதன், ஐந்தாம் பாடவேளை. மாதத் தேர்வில் 50க்கு 18க்குக் கீழே எடுத்த ஒன்பது பேரை முன்னால் நிற்க வைத்து, “இதான் முட்டாள் வரிசை, எல்லாரும் கை தட்டுங்க” என்றார். பாடவேளை முடியும்வரை அவர்கள் நின்றார்கள்.

ஆகஸ்ட் மாதம் நடந்த இன்னொரு சம்பவம் ஒருவருடைய உடல்நிலை சம்பந்தப்பட்டது. அதை எழுத அவர் சம்மதிக்கவில்லை, ஆகவே எழுதவில்லை. அவரும் அவர் பெற்றோரும் விரும்பினால் தங்களிடம் நேரில் சொல்வார்கள். மற்ற பகுதிகளை உரியவர்கள் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் இங்கே சேர்த்தோம்.

கடைசியாக, 1.9.2025, திங்கள். எங்களில் ஒருவர் இதை வேறொரு ஆசிரியரிடம் சொல்லியிருந்தார். அன்று வகுப்புக்கு வந்ததும் சார், “யாரு போய்ச் சொன்னதுன்னு எனக்குத் தெரியும். பிராக்டிகல்ல பாத்துக்கலாம்” என்றார். தனித்தனியாக வராமல் எல்லாரும் சேர்ந்து எழுதியதற்கு இதுதான் காரணம். செய்முறை மதிப்பெண்ணிலும் 10 மதிப்பெண் அகமதிப்பீட்டிலும் சாருக்குப் பங்கு உண்டு. கல்லூரி சேர்க்கைக்கு எங்களுக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் முக்கியம். இதை எழுதும்போதும் எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சார் யாரையும் அடித்ததாக எங்களில் யாரும் பார்க்கவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியதையும் கேட்கவில்லை. நடக்காத எதையும் இந்த மனுவில் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

பள்ளிகளில் மாணவர்களைத் தண்டிப்பது பற்றித் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பெற்றோர் தொழிலையோ சாதியையோ சொல்லிக் கேலி செய்வதையும், மதிப்பெண் குறைந்ததற்காக வகுப்பில் மட்டம் தட்டுவதையும் மனரீதியான துன்புறுத்தல் என்கின்றன. மனரீதியான துன்புறுத்தலைத் தடை செய்யும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசக் கூடாததைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசலாம் என்று ஆகிவிடாது என நம்புகிறோம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தாங்கள் சாரிடம் பேசி, இந்த மாதிரிப் பேச்சு இனி வகுப்பில் வராமல் செய்ய வேண்டும். அவரை மாற்றச் சொல்லியோ, எங்கள் முன் மன்னிப்புக் கேட்க வைக்கச் சொல்லியோ நாங்கள் கேட்கவில்லை. பாதி ஆண்டில் ஆசிரியர் மாறினால் நஷ்டம் எங்களுக்குத்தான். மரியாதையோடு நடத்தினால் அவரிடமே படித்து முடிக்கத்தான் விரும்புகிறோம்.

கையெழுத்துப் போட்டவர்களின் பாதுகாப்புக்காகச் சில வேண்டுகோள்கள். கையெழுத்துத் தாள் ஒட்டிய உறையில் தனியாக இருக்கிறது. அதைத் தாங்கள் மட்டும் பிரித்துப் பார்த்துத் தங்கள் பொறுப்பிலேயே வைத்திருக்க வேண்டும். யார் முதலில் போட்டார் என்று தெரியாதபடி வட்டமாகக் கையெழுத்திட்டிருக்கிறோம். இந்த மனுவைத் தொடங்கி வைத்தவர் என்று தனியாக யாரும் இல்லை. விசாரிப்பதானால் சார் இருக்கும் இடத்திலோ ஆசிரியர் அறையிலோ வேண்டாம். ஒரே ஆளைத் தனியாகவும் கூப்பிட வேண்டாம். நான்கைந்து பேராகவோ, பெற்றோரை உடன் வைத்துக்கொண்டோ கேட்டால் பயமில்லாமல் சொல்வோம். சம்பவங்களில் வரும் மாணவர்கள் யாரென்று வகுப்பில் வைத்துக் கேட்க வேண்டாம்.

மதிப்பெண் விஷயத்தில், எங்கள் செய்முறைப் பதிவேடுகளில் இதுவரை போட்டிருக்கும் மதிப்பெண்களை இந்த வாரமே தாங்கள் பார்த்துக் கையொப்பமிட்டு வைத்தால் நல்லது. அகமதிப்பீட்டு மதிப்பெண்களை, பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் ஆசிரியரும் சரிபார்த்துக் கையெழுத்திட ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். இது சாருக்கும் பாதுகாப்புதான். நாளைக்கு நியாயமாகவே மதிப்பெண் குறைந்தாலும் யாரும் அவரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

வருகிற 12ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் முடிவை எங்கள் வகுப்பாசிரியர் வழியாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பிறகும் இது தொடர்ந்தால், எங்கள் பெற்றோர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுப்பதாகவும், 14417 மாணவர் உதவி எண்ணில் தெரிவிப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்குள்ளேயே தீர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அதனால்தான் முதலில் தங்களிடம் வந்திருக்கிறோம். இதை நாங்கள் வாட்ஸாப் குழுக்களிலோ வேறெங்குமோ பகிரவில்லை, பகிரவும் மாட்டோம்.

மாணவர் யாரும் தங்கள் அறைக்கு வந்ததாகத் தெரிய வேண்டாம் என்று பெற்றோர் இருவர் இந்த மனுவை நேரில் தருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பெயரில்லாத நகலில், பெற்றுக்கொண்ட நாளைக் குறித்துக் கையொப்பமிட்டுத் தரும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவ மாணவியர்,
பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

இணைப்பு: 31 கையெழுத்துகள் கொண்ட தாள், ஒட்டிய உறையில்.