காடி வெட்டும் முன் குழாய் வழியையும் உயரங்களையும் குறிப்பது பற்றி: பிளம்பிங் குழுவினருக்குத் தளப் பொறியாளரின் குறிப்பு

பணியிடம்: கே.கே. நகர், ஸ்டில்ட் தளமும் நான்கு மாடிகளும், எட்டு வீடுகள்
பெறுவோர்: பிளம்பிங் மேஸ்திரியும் குழுவினரும்
பார்வைக்கு: எலக்ட்ரீஷியன், பூச்சுக் கொத்தனார், டைல்ஸ் மேஸ்திரி

வரும் திங்கட்கிழமையன்று முதல் மாடியில் காடி வெட்டும் வேலை தொடங்க இருக்கிறது. அதற்கு முன், சனிக்கிழமை மாலைக்குள், முதல் மாடியின் இரண்டு வீடுகளிலும் எல்லாக் குழாய் வழிகளும் பொருத்தும் புள்ளிகளும் சுவரில் வரையப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்துச் சுவரிலேயே கையெழுத்திட்ட பிறகுதான் கட்டர் மெஷினை இயக்க வேண்டும். கையெழுத்து இல்லாத சுவரில் ஓர் அங்குலம்கூட வெட்டக் கூடாது.

உயரங்களை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் தவறு அதிகம் நேர்கிறது. இப்போது காலுக்குக் கீழே இருப்பது வெறும் கான்கிரீட் தளம். ஹாலில் அதன் மேல் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 75 மி.மீ. ஏறும், குளியலறையிலோ தளமே தாழ்த்திப் போடப்பட்டிருக்கிறது. ஆகவே தளத்திலிருந்து டேப் பிடித்து அளந்த உயரம் எதுவும் செல்லாது. ஹாலின் முடிந்த தரைமட்டத்திலிருந்து சரியாக 1000 மி.மீ. உயரத்தில், வாட்டர் லெவல் டியூப் வைத்து, எல்லா அறைகளையும் சுற்றி நீல நூல் அடித்து ஒரு மட்டக்கோடு போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டிலிருந்து மேலேயோ கீழேயோ மட்டுமே அளக்க வேண்டும். கோடு அழிந்திருந்தால் கண்ணளவில் நீட்டிக்கொள்ளாமல் என்னைக் கூப்பிடுங்கள். மறுபடி அடித்துத் தருகிறேன்.

குளியலறைத் தரை, வாசலோரத்தில் ஹாலைவிட 15 மி.மீ. தாழ்வாக முடியும். எனவே குளியலறைக்குள் அதே நீலக்கோடு, முடிந்த தரையிலிருந்து 1015 மி.மீ. உயரத்தில் இருக்கும். இந்தக் கணக்கை நீங்கள் ஒவ்வொரு முறையும் போட வேண்டியதில்லை. கோட்டிலிருந்து எவ்வளவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷவர் புள்ளி தரையிலிருந்து 2100, அதாவது கோட்டுக்கு மேலே 1085. டைவர்ட்டரின் மையம் 1050, கோட்டுக்கு மேலே 35. அதன் கீழுள்ள ஸ்பவுட் 600, கோட்டுக்குக் கீழே 415. வாஷ் பேசினின் விளிம்பு 820, கீழே 195. அதன் ஆங்கிள் காக் 550, கீழே 465. ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் காக் 350, கீழே 665. கீசர் புள்ளிகள் 1950, மேலே 935. எல்லாம் மி.மீ. கணக்கு, அங்குலத்தில் மாற்றி எழுதிக் கலக்க வேண்டாம். சமையலறைத் தரை ஹாலின் மட்டத்திலேயே முடிவதால் அங்கே கோடு சரியாக 1000தான்.

உயரம் சரியாக இருந்தாலும் ஆழம் தவறினால் பயனில்லை. முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில், செங்கல் முகத்தையே சுவரின் முகம் என்று நினைத்து டைவர்ட்டர்களைப் பதித்துவிட்டார்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு பாடி ஒரு விரலளவு உள்ளே புதைந்து, மேல்மூடி உட்காராமல், ஒட்டிய டைல்ஸையே பெயர்க்க வேண்டியதாயிற்று. அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்க நாங்கள் அலைந்தது தனிக்கதை. இங்கே குளியலறைச் சுவரில் பூச்சு 15, ஒட்டும் பசை 5, டைல்ஸ் 10 என்று செங்கல் முகத்திலிருந்து 30 மி.மீ. வெளியே வரும். செங்கல் கட்டு எல்லா இடத்திலும் தூக்குக்குண்டுக்கு நிற்காது என்பதால், பூச்சுக் கொத்தனார் முதலில் ஒவ்வொரு குளியலறைச் சுவரிலும் பூச்சு மட்டத்துக்கான புள்ளிகளை வைத்துத் தருவார். அந்தப் புள்ளிக்கு வெளியே இன்னும் 15 மி.மீ. என்று கணக்கிட்டு, எல்போவின் வாய் டைல்ஸ் முகத்தோடு சமமாக வருமாறு ஆழத்தைக் குறியுங்கள். டைவர்ட்டரின் பிளாஸ்டிக் உறையில் குறைந்த அளவு, கூடிய அளவு என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸ் முகம் அவற்றுக்கு இடையில் விழ வேண்டும்.

வழிகளைக் குறிக்கும்போது ஒற்றைக்கோடு போடாமல், காடியின் இரண்டு ஓரங்களையும் வரையுங்கள். குளிர்ந்த நீருக்கு நீலம், சூடான நீருக்குச் சிவப்பு, கழிவுக்குக் கறுப்பு. எலக்ட்ரீஷியன் பச்சையில் வரைவார். பொருத்தும் புள்ளியில் பெருக்கல் குறி போட்டு, அதன் பக்கத்திலேயே உயரத்தை எழுதுங்கள். பென்சில் வேண்டாம், செங்கல்லில் நிற்காது.

குழாய் செங்குத்தாகவும் கிடையாகவும் மட்டுமே போக வேண்டும். குறுக்குச் சாய்வாக எங்கும் வரக் கூடாது. நாளைக்குக் குடியிருப்பவர் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது, குழாய் எங்கே இருக்கும் என்று ஊகிக்க அவருக்கு இருக்கும் ஒரே வழி இதுதான். செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக்காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. ஒன்பது அங்குலச் சுவரில் இது முறையே 76, 38 மி.மீ.; நாலரை அங்குலச் சுவரில் 38, 19 மட்டுமே. முக்கால் அங்குல சிபிவிசி குழாயின் வெளிவிட்டமே 22 மி.மீ.க்குச் சற்று அதிகம். எனவே நாலரை அங்குலச் சுவரில் கிடைக்காடி அறவே கூடாது. குழாயை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கொண்டுபோய், ஒவ்வொரு புள்ளிக்கும் நேராக இறக்குங்கள். இரண்டு குளியலறைகளுக்கு நடுவே உள்ள நாலரை அங்குலச் சுவரில், ஒரு பக்கக் காடிக்கு நேர் பின்னால் மறுபக்கமும் வெட்டினால் நடுவில் போதிய கனம் மிஞ்சாது. குறைந்தது ஓரடி தள்ளிக் குறியுங்கள். தூண், பீம், லின்டல் ஆகியவற்றில் கட்டர் படவே கூடாது.

ஏ வீடும் பி வீடும் கண்ணாடியில் பார்த்தது போல் இடவலம் மாறியவை. ஏ வீட்டின் குறிகளை அப்படியே திருப்பிப் போட்டால் சூடான நீர் வலப்பக்கம் போய்விடும். எந்த வீடானாலும், குழாயைப் பார்த்து நிற்பவருக்கு இடக்கை பக்கம் சூடான நீர், வலக்கை பக்கம் குளிர்ந்த நீர். பொதுக் குளியலறையின் வால் மிக்சருக்கு இரண்டு புள்ளிகளின் மையங்களுக்கு இடையே 150 மி.மீ.; மட்டமும் பிசகக் கூடாது.

சமையலறையில் சிங்க்குக்கு மெட்ரோ வாட்டர் ஒன்று, போர் தண்ணீர் ஒன்று என இரண்டு தனிக் குழாய்கள். இரண்டும் நீலக்கோடாகவே இருக்கும் என்பதால் "மெ", "போ" என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். இவை எந்த இடத்திலும் ஒன்றோடொன்று இணையக் கூடாது.

பச்சைக் கோட்டுக்கு இணையாகப் போகும் இடங்களில் 150 மி.மீ. இடைவெளி விடுங்கள். எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை காலையே வரைந்து முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இடிக்கும் இடங்களை மதியம் மூவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

குறித்து முடித்த ஒவ்வொரு சுவரையும், டேப் படத்தில் தெரியும்படி பிடித்துப் புகைப்படம் எடுத்து, வீட்டு எண்ணோடு எனக்கு அனுப்புங்கள். பி வீட்டின் சிறிய குளியலறையில் மட்டும் வாஷ் பேசின் நாலரை அங்குலச் சுவரில் வருகிறது, 40 மி.மீ. கழிவுக் குழாய் அதில் அடங்காது. அந்தச் சுவரைக் குறிக்காமல் விட்டுவைங்கள். பேசினைப் பக்கத்து ஒன்பது அங்குலச் சுவருக்கு மாற்ற ஆர்க்கிடெக்டிடம் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதில் வந்ததும் நானே வந்து வரைந்து தருகிறேன்.

தளப் பொறியாளர்