செவ்வாய்க் கிரக நாடகமும் ‘நாடே நடுங்கிய’ இரவும்: கூற்று, ஆதாரம் குறிப்பு

வானொலி வரலாறு, 3ஆம் வாரம். ஒதுக்கிய பாட்காஸ்ட் எபிசோடு, 42 நிமிடம். பொருள்: செவ்வாய்க் கிரகவாசிகள் அமெரிக்காவைத் தாக்குவதைச் செய்தி அறிவிப்பு போல ஒலிபரப்பிய 1938 வானொலி நாடகம், அதை உண்மை என்று நம்பி மக்கள் பீதியடைந்தார்களா என்பது. கூ = எபிசோடு சொல்வது. ஆ = அதற்குக் காட்டுவது. எங்கள் கருத்து [ ] குறிக்குள்.

00:40 கூ: 1938 அக்டோபர் 30 இரவு அமெரிக்கா முழுக்க மக்கள் தெருவுக்கு ஓடினார்கள் (தொகுப்பாளர்).
ஆ: ஒன்றும் இல்லை. [சைரன், அலறல், காலடிச் சத்தம் எல்லாம் இப்போது ஸ்டுடியோவில் சேர்த்தவை. காதுக்குச் சாட்சி போலவே கேட்கும். ஆ பக்கத்தில் ஏற்றக் கூடாது.]

03:15 கூ: இது நாடகம் என்று யாரும் சொல்லவில்லை.
ஆ: 04:02இல் பழைய ஒலித்துண்டு. [துண்டு தொடக்க அறிவிப்புக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. முழுப் பதிவில் ஆர்சன் வெல்ஸ் குழுவின் நாடகம், எச்.ஜி. வெல்ஸின் கதை என்று அதை ஒலிபரப்பிய சிபிஎஸ் வானொலி முதலிலேயே சொல்கிறது. நாடகத்தின் 40ஆம் நிமிடம் வாக்கில் மறுபடி. கூற்று பொய். நடுவில் திருப்பியவர்கள் அறிவிப்பைத் தவறவிட்டிருக்கலாம் என்ற அளவுக்குத்தான் நிற்கும்.]

09:30 கூ: மறுநாள் பத்திரிகைகளே சாட்சி.
ஆ: நியூயார்க் டைம்ஸ், அக்டோபர் 31, முதல் பக்கத் தலைப்பு. [அசல் ஆவணம்தான். ஆனால் பத்திரிகை அப்படி எழுதியது என்பதற்கு மட்டுமே ஆதாரம்.]

14:50 கூ: 12 லட்சம் பேர் பயந்தார்கள்.
ஆ: பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாட்லி கேன்ட்ரிலின் ஆய்வு, 1940. [கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்டவர்கள் சுமார் 60 லட்சம். அவர்களில் 28% செய்தி என்று நம்பினார்கள், ஏறக்குறைய 17 லட்சம். அதில் 70% கலங்கினார்கள், 12 லட்சம். மூன்றும் மதிப்பீடு, முதல் எண் ஆடினால் கடைசி எண்ணும் ஆடும். கருத்துக்கணிப்பு நடந்தது சுமார் ஆறு வாரம் கழித்து, அதாவது பத்திரிகைச் செய்திகள் ஊறிய பிறகு. ‘கலங்கினேன்’ என்றவர் தெருவுக்கு ஓடியவர் அல்ல; 00:40க்கு இதை முட்டுக் கொடுக்க முடியாது.]

18:05 பயந்தவர்களின் பேட்டி வாசிப்பு. [நீண்ட பேட்டி 135 பேரிடம், பெரும்பாலோர் பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். எப்படிப் பயந்தார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம். எத்தனை பேர் என்பதற்கு ஆதாரமே இல்லை.]

22:10 கூ: கேட்டவர்களே சொற்பம் (ஊடக வரலாற்றுப் பேராசிரியர்).
ஆ: வானொலி நேயர்களைக் கணக்கெடுத்த ஹூப்பர் நிறுவனத்தின் கணிப்பு. அன்றிரவே 5,000 வீடுகளுக்குத் தொலைபேசி. இந்த நிகழ்ச்சியைக் கேட்டதாகச் சொன்னது 2%. [அன்றிரவே எடுத்தது, அதனால் நினைவுப் பிழை குறைவு. குறை: தொலைபேசி இல்லாத வீடுகள் விடுபட்டுப் போயின. கேன்ட்ரிலின் 60 லட்சத்தோடு இது ஒத்துவராது. சராசரி எடுக்காமல் இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறோம்.]

31:00 கூ: வானொலி விளம்பர வருவாயைப் பறித்ததால் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின.
ஆ: வருவாய்ப் போட்டி காட்டப்படுகிறது, எந்த ஆசிரியரும் அந்த நோக்கத்தோடு எழுதினார் என்பது காட்டப்படவில்லை. [நம்பத் தோன்றுகிற விளக்கம். நமக்குப் பிடித்திருப்பதாலேயே ஆதாரம் கேட்காமல் விடக் கூடாது. ‘ஊகம்’ என்றே எழுதுக.]

39:20 கூ: இன்றைய வதந்திகளும் இதே மாதிரிதான்.
ஆ: இல்லை, ஒப்புமை மட்டும். [கட்டுரைக்கு எடுக்கவில்லை.]