பராமரிப்புக் கட்டண நிலுவையும் மாற்றப்பட்ட அறவீட்டுத் திகதிகளும்: அறிவித்தல்

குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கம்
நல்லூர், யாழ்ப்பாணம்
2026 ஜனவரி 19, திங்கட்கிழமை

24 வீடுகளின் உரிமையாளர்களுக்கும், வாடகைக்குக் குடியிருப்போருக்கும், வெளிநாட்டிலுள்ள உரிமையாளர்களின் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்வோருக்கும்,

வணக்கம்.

ஜனவரி 11 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நடந்த பொதுக்கூட்டத்தின் தீர்மானங்களை அறிவிக்கவே இதை எழுதுகிறோம். கூட்டத்துக்கு 13 வீடுகளிலிருந்துதான் ஆட்கள் வந்திருந்தார்கள். வராதவர்களுக்கும் விடயம் முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதால் அறிவித்தல் சற்று நீண்டுவிட்டது. திகதிகள் மட்டும் வேண்டுமென்றால் "புதிய திகதிகள்" என்ற பகுதிக்குப் போகலாம். ஆனால் மேலே உள்ளதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நிலுவை எவ்வளவு?

2025 டிசம்பர் வரையான கட்டணத்தில், ஜனவரி 10 ஆம் திகதி நிலவரப்படி, 9 வீடுகளிலிருந்து வரவேண்டிய தொகை 360,000 ரூபா. மாதம் 8,000 ரூபா வீதம் 45 மாதக் கட்டணம் அது. இதில் பூட்டிக் கிடக்கும் 3 வீடுகளுக்கு மட்டும் 27 மாதங்கள். உரிமையாளர் "வாடகைக்காரர் கட்டுவார்" என்றும், வாடகைக்காரர் "உரிமையாளர் கட்டுவார்" என்றும் சொல்லும் 2 வீடுகளுக்கு 9 மாதங்கள். மிகுதி 9 மாதங்கள், நம்மோடு தினமும் படியேறி இறங்கும் 4 வீட்டாருடையவை.

வீட்டு இலக்கங்களை அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நிர்வாக சபை அதற்கு உடன்படவில்லை. ஒரு வீட்டில் நோயாளி இருக்கலாம், இன்னொரு வீட்டில் வேலை போயிருக்கலாம். படிக்கட்டில் எல்லோரும் நின்று வாசிக்கும் கடதாசியில் அது வரவேண்டியதில்லை. உரியவர்களுக்கு மூடிய கடித உறையில் தனித்தனியாகக் கணக்கு வந்து சேரும். தண்ணீரை நிறுத்தலாம் என்ற யோசனையும் வந்தது. அதைச் சங்கம் ஒருபோதும் செய்யாது.

காசு எங்கே போகிறது?

24 வீடுகளும் தவறாமல் செலுத்தினால் மாதம் 192,000 ரூபா வரும். இம்மாதத்திலிருந்து செலவு 185,000 ரூபா. இரண்டு காவலாளிகளுக்கும் தலா 38,000. துப்புரவுப் பணியாளருக்கு 30,000. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் ஜனவரி 1 முதல் 27,000 ரூபாவிலிருந்து 30,000 ரூபாவாக உயர்ந்ததால் அவருடைய சம்பளமும் உயர்ந்திருக்கிறது. அந்த மூவருக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் நாம் கட்ட வேண்டும்; அது 15,900. நீர்ப்பம்பி, லிப்ட், படிக்கட்டு விளக்குகளுக்கான மின்கட்டணம் ஏறக்குறைய 34,000. லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் மாதக் கணக்கில் 12,000. மின்பிறப்பாக்கிக்கு டீசல் 8,000. தாங்கி கழுவுவது, விளக்கு மாற்றுவது, கழிவகற்றுவது போன்ற சில்லறைச் செலவுகள் 9,100. சேமநிதிக்கு எஞ்சுவது 7,000 ரூபா மட்டுமே. ஒரு வீடு ஒரு மாதம் தவறினாலே அந்த 7,000 போய், மேலும் 1,000 ரூபா துண்டு விழும்.

டிசம்பரில் தவறியவை 9 வீடுகள். வந்தது 120,000 ரூபா. மூன்று பணியாளர்களின் சம்பளமும் இரு நிதிகளுக்கான பங்களிப்பும் 118,450 ரூபா. கையில் மிஞ்சியது 1,550 ரூபா. அந்த 120,000 ரூபாவும் ஜனவரி 7 வரை சிறுகச் சிறுகத்தான் வந்து சேர்ந்தது. டிசம்பர் 31 ஆம் திகதி கொடுக்க வேண்டிய சம்பளத்தை, பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போதுதான் கொடுத்து முடித்தோம். இரவுக் காவலாளி நம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு நம்மிடம் பதிலும் இருக்கவில்லை.

சேமநிதியின் கதை வேறு. நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையின்போது தரைத் தளத்துப் பம்பு அறைக்குள் வெள்ளம் புகுந்து மோட்டார் எரிந்தது. தண்ணீர் இல்லாமல் யாரும் இருக்க முடியாது என்பதால் 68,000 ரூபாவை உடனே எடுத்து மாற்றினோம். டிசம்பர் மின்கட்டணத்துக்கும் அதிலிருந்தே 34,000 எடுத்தோம். இன்று சேமநிதியில் இருப்பது 21,000 ரூபா.

லிப்ட் டிசம்பர் 4 ஆம் திகதியிலிருந்து ஓடாததற்கு இதுவே காரணம். பழுதுபார்க்கக் கேட்கும் தொகை 145,000 ரூபா. நான்காம் மாடியில் இருக்கும் எண்பது வயதைக் கடந்த அம்மா, பொங்கலன்று நல்லூர்க் கோயிலுக்குப் போகவில்லை. வராமல் கிடக்கும் 360,000 ரூபா வந்தால் லிப்டை இரண்டு தடவை பழுதுபார்த்தும் மிச்சமிருக்கும்.

பூட்டிய வீடுகள் பற்றி

"நாங்கள் அங்கே இல்லையே, ஒரு வாளி தண்ணீர்கூட எடுக்கவில்லையே, எதற்குக் கட்ட வேண்டும்?" என்று ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பராமரிப்புக் கட்டணம் தண்ணீர்க் கட்டணம் அல்ல. பூட்டிய வீட்டின் கதவையும் இரவில் காவலாளிதான் பார்க்கிறார். மாரி மழைக்குப் பின் ஆளில்லாத பல்கனிகளில் தேங்கிய தண்ணீரையும் துப்புரவுப் பணியாளர்தான் அகற்றுகிறார். டெங்குக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்புக் குடம்பி கண்டால், வீட்டுக்காரர் கனடாவில் என்று சொல்லித் தப்ப முடியாது. மொட்டைமாடியில் நீர் கசிந்தால் அது பூட்டிய வீடு எது, திறந்த வீடு எது என்று பார்த்து இறங்குவதில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் சுண்ணாம்பு, குழாய்களையும் வால்வுகளையும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடைக்கிறது. கோடை விடுமுறைக்கு வந்து கதவைத் திறக்கும்போது வீடு விட்டபடி இருப்பது இவற்றால்தான்.

ஆகவே பூட்டியிருக்கும் வீட்டுக்கும் முழுக் கட்டணமே என்ற விதி தொடர்கிறது. அற்றோணித் தத்துவம் பெற்றவரோ வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரோ செலுத்தலாம். வெளிநாட்டு உரிமையாளர்களோடு நேரே பேசுவதற்காகப் பெப்ரவரி 8 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு 7.30 மணிக்குக் காணொளிக் கூட்டம் வைத்திருக்கிறோம். அப்போது ரொறன்ரோவில் காலை 9.00 மணி, லண்டனில் பிற்பகல் 2.00 மணி, சூரிச்சில் 3.00 மணி. இணைப்பு வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பப்படும்.

வாடகை வீடுகளில் யார் கட்டுவது என்பது உரிமையாளரும் வாடகைக்காரரும் தமக்குள் செய்துகொள்ளும் ஒழுங்கு. சங்கத்தின் ஏட்டில் பொறுப்பு உரிமையாளர் பெயரிலேயே இருக்கும்.

புதிய திகதிகள்

இதுவரை ஒவ்வொரு மாதமும் 1 முதல் 5 ஆம் திகதி வரை அறவிட்டு வந்தோம். ஓய்வூதியக்காரர்களுக்கு 10 ஆம் திகதியளவில்தான் பணம் வருகிறது. அரச ஊழியர்களுக்குச் சம்பளம் 25 ஆம் திகதியளவில். அடுத்த மாதம் பிறக்கும்போது அது அரிசிக்கும் பிள்ளைகளின் ரியூசனுக்கும் போய்விடுகிறது. கையில் காசில்லாத நாட்களாகப் பார்த்துக் கதவைத் தட்டியது நம்முடைய பிழை. அதை இப்போது திருத்துகிறோம்.

2026 பெப்ரவரி மாதக் கட்டணத்திலிருந்து, ஒரு மாதத்துக்கு உரியதை அதற்கு முந்தின மாதம் 25 ஆம் திகதி முதல் அந்த மாதம் 15 ஆம் திகதி வரை செலுத்தலாம். 25 முதல் 28 வரையும், 10 முதல் 15 வரையும், மாலை 6.00 மணியிலிருந்து 8.00 மணி வரை தரைத் தளப் பொது அறையில் பொருளாளர் இருப்பார். பெப்ரவரி 15 ஞாயிற்றுக்கிழமை மகா சிவராத்திரி. அன்று அறை திறக்கப்படாது. அந்த மாதத்துக்கு மட்டும் கடைசி நாள் 16, திங்கட்கிழமை.

கடைசி நாள் கடந்து செலுத்தப்படும் ஒவ்வொரு மாதக் கட்டணத்துக்கும் 250 ரூபா தாமதக் கட்டணம் உண்டு. 2026 ஜனவரிக் கட்டணத்தை இம்மாதம் 31 ஆம் திகதி வரை தாமதக் கட்டணமின்றிச் செலுத்தலாம். பழைய நிலுவைக்கும் தாமதக் கட்டணம் சேர்க்கப்படவில்லை. மாதக் கட்டணமும் உயராது. 8,000 ரூபாவே தொடரும். ஒழுங்காகக் கட்டுகிற 15 வீட்டார்மீது கட்டாதவர்களின் பாரத்தை ஏற்றுவது முறையல்ல என்பதால், கட்டணத்தை உயர்த்தும் பிரேரணையை நிர்வாக சபை எடுக்கவில்லை.

பழைய நிலுவையைத் தீர்க்கும் முறை

முழுத் தொகையையும் பெப்ரவரி 28 ஆம் திகதிக்குள் செலுத்தலாம். முடியாதவர்கள் பெப்ரவரி 8 ஆம் திகதிக்கு முன் செயலாளரிடம் எழுத்தில் தந்தால், மூன்று சம தவணைகளில் கட்ட இடமுண்டு: பெப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 10. சித்திரைப் புத்தாண்டு 14 ஆம் திகதி வருவதால் கடைசித் தவணையை முன்னுக்கு வைத்திருக்கிறோம். மூன்று தவணையும் கடினம் என்றால் வந்து பேசுங்கள். பேச வருபவர்களுக்கு வழி செய்யலாம். கதவைத் திறக்காதவர்களுக்கு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 10 ஆம் திகதிக்குப் பின்னும் எந்த ஒழுங்குக்கும் வராத நிலுவைகளை இணக்க சபைக்குக் கொண்டுபோகப் பொதுக்கூட்டம் அனுமதி தந்திருக்கிறது. நீதிமன்றப் படியேறும் எண்ணம் நமக்கு இல்லை. முதலில் வருகிற பணம் லிப்டுக்குப் போகும். அடுத்தது சேமநிதி.

செலுத்தும்போது கவனிக்க வேண்டியவை

வங்கியில் வைப்பிலிடுவோர் சீட்டில் வீட்டு இலக்கத்தையும் எந்த மாதத்துக்கு உரியது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். சங்கத்தின் கணக்கு இலக்கம் ஒவ்வொரு பற்றுச்சீட்டின் அடியிலும் அச்சிடப்பட்டுள்ளது. இலக்கம் எழுதாத இரண்டு வைப்புச் சீட்டுகளால், ஒழுங்காகக் கட்டிய இரு வீட்டாருக்குச் சென்ற மாதம் நிலுவைக் கடிதம் அனுப்பிவிட்டோம். அவர்கள் சீட்டின் படத்தை வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அது நத்தார் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிட்டது. இருவரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டோம், இங்கும் கேட்கிறோம். இனிமேல் சீட்டுப் படத்தைக் குழுவில் போடாமல் பொருளாளருக்குத் தனியே அனுப்புங்கள். மூன்று நாட்களுக்குள் பற்றுச்சீட்டு வராவிட்டால் விடாமல் கேளுங்கள்.

காவலாளியிடமோ துப்புரவுப் பணியாளரிடமோ கட்டணப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அவர்கள்மீது சந்தேகம் எதுவும் இல்லை. பணம் தவறினால் பழி அவர்கள் தலையில் விழக்கூடாது என்பதற்காகவே சொல்கிறோம்.

2025 ஆம் ஆண்டின் வரவு செலவு ஏடு பொது அறையில் இருக்கிறது. அறவீட்டு நாட்களில் யாரும் புரட்டிப் பார்க்கலாம். உங்கள் பெயரில் உள்ள நிலுவைத் தொகை பிழை என்று தோன்றினால், பற்றுச்சீட்டுகளோடு ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன் வாருங்கள்.

இப்படிக்கு,

செயலாளர்
நிர்வாக சபையின் சார்பில்

பி.கு.: முதலாவது அறவீடு வரும் ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 25, மாலை 6.00 மணிக்குத் தொடங்கும். லிப்ட் இன்னும் ஓடாததால், மேல்மாடிகளில் நடக்க இயலாத முதியவர்கள் இறங்கி வரத் தேவையில்லை. காவலாளியிடம் சொல்லியனுப்பினால் பொருளாளரே பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு மேலே வருவார்.